நோயிலும் பஞ்சத்திலும் நின்றுபோன வளர்ச்சி திரும்ப வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளை அளப்பதும் அட்டையில் புள்ளி வைப்பதும் பல வருடங்களாக என் வேலை. பெரிய நோயிலிருந்து மீண்ட குழந்தையோடு வருகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே முழுதாக எழுதிவைத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே இருக்கும். எடையைத் திரும்பப் பெறுவது ஒப்பீட்டளவில் சுலபம், சிக்கலெல்லாம் உயரத்தில்தான்.

ஆறு மாசம் படுத்த படுக்கையா இருந்த பிள்ளை, எழுந்ததும் மளமளன்னு வளர்றானே, இது நல்லதுக்குத்தானா?

நல்லதுக்குத்தான். இதை ஈடுகட்டும் வளர்ச்சி என்று சொல்கிறோம். வளர்ச்சியை அமுக்கிவைத்திருந்த காரணம் விலகியதும், அந்த வயதுக்கு உரிய வேகத்தைத் தாண்டிக் குழந்தை வளர ஆரம்பிக்கும். பழைய பாதையை நெருங்கியதும் வேகம் தானாகக் குறைந்து மற்ற குழந்தைகளைப் போல ஆகிவிடும். 1963-ல் ஆண்ட்ரியா பிராடர், ஜேம்ஸ் டானர், ஃபான் ஹர்னாக் ஆகிய மூவரும் பட்டினியிலிருந்தும் நோயிலிருந்தும் மீண்ட குழந்தைகளின் அளவுகளை வரைபடத்தில் போட்டுக் காட்டியபோதுதான் இந்தப் பெயர் நிலைத்தது.

ஒரு வாரக் காய்ச்சலுக்கெல்லாம் இது பொருந்தாது. அதில் எடை கொஞ்சம் இறங்கி ஏறும், அளவுகோலில் உயரம் அசைந்ததே தெரியாது. மாதக்கணக்கில் நீடித்த நோய், பட்டினி, அல்லது வளர்ச்சியை நேரடியாகத் தடுக்கும் மருந்து இருந்தால்தான் ஈடுகட்ட ஏதாவது பாக்கி இருக்கும்.

எவ்வளவு பாக்கின்னு உடம்புக்கு எப்படித் தெரியும்? யாரு கணக்கு வச்சிருக்கா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. மூளையில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, இருக்கவேண்டிய அளவையும் இருக்கும் அளவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்ற மாதிரிதான் டானர் நினைத்தார். 1994-ல் வந்த ஒரு முயல் பரிசோதனை அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. வளரும் எலும்பின் நுனிக்கு அருகே வளர்தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கும்; உயரம் கூடுவது அங்கேதான். ஒரு காலின் வளர்தட்டில் மட்டும் ஸ்டீராய்டைச் செலுத்தினார்கள். அந்தக் காலின் வளர்ச்சி மட்டும் தடைப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் அதே கால் மறு காலைவிட வேகமாக வளர்ந்தது. மூளையிலிருந்து உத்தரவு வந்திருந்தால் இரண்டு கால்களும் சேர்ந்து வேகமெடுத்திருக்க வேண்டும். ஆக, கணக்கின் பெரும்பகுதி அந்தந்த வளர்தட்டிலேயே இருக்கிறது.

அது எப்படி என்றால், வளர்தட்டின் உயிரணுக்கள் பிரியப் பிரியத்தான் தட்டுக்கு வயதாகிறது. உயிரணுக்கள் எத்தனை முறை பிரிந்தன என்பதே அங்கே வயது. நோயாலோ பட்டினியாலோ பிரிவது நின்றால் மூப்படைவதும் நிற்கிறது. குழந்தைக்கு 5 வயது ஆகியிருக்கும், தட்டு இன்னும் 3 வயதுத் தட்டாகவே இருக்கும். சின்னக் குழந்தையின் தட்டு எப்போதும் வேகமாக வளரும் என்பதால், தடை நீங்கியதும் அந்த இளந்தட்டுக்கு உரிய வேகத்தில் வளர்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது வயதுக்கு மீறிய வேகமாகத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வரும்.

எடை நல்லா ஏறிடுச்சு. உயரம் மட்டும் நகரவே மாட்டேங்குதே?

வரிசை அப்படித்தான். இழந்த சதையையும் கொழுப்பையும் ஓரளவு மீட்ட பிறகுதான் உடம்பு எலும்பை நீட்டத் தொடங்கும். இருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையை நெருங்கும்வரை உயரம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எடை ஏற ஆரம்பித்த மூன்றாம் வாரத்தில் அளவுகோலைப் பார்த்து மனம் தளர்வதில் அர்த்தமில்லை.

1960-களில் ஜமைக்காவில் ஆன் ஆஷ்வொர்த், கடும் ஊட்டச்சத்துக் குறைவிலிருந்து மீளும் குழந்தைகள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கவனித்துக் குறித்தார். கொடுத்ததையெல்லாம் தின்று தீர்த்த குழந்தைகள், உயரத்துக்கு உரிய எடை வந்ததும் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தாய்மார்கள் சிலர் இந்தக் கட்டத்தில் பயந்துபோய், நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு மறுபடி என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவருகிறார்கள். எடை அந்த அளவை எட்டிய பிறகு பசி இப்படி அடங்குவது தேறியதற்கான அடையாளம். எட்டும் முன்னே அடங்கினால்தான் எங்கோ தொற்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

பசியில வாடின பிள்ளைக்கு முதல் நாளே வயிறு நிறைய குடுத்தா சீக்கிரம் தேறாதா?

செத்தும் போகலாம். கடும் பட்டினியில் உடம்பு எல்லா இயந்திரங்களையும் மெதுவாக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எழும்பும், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படும், இதயம் தாளம் தப்பும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறையில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்ற நீர்த்த பால் கலவை: 100 மில்லியில் 75 கலோரி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. இந்தக் கட்டத்தில் எடை ஏற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீர்கோத்த குழந்தைக்கு வீக்கம் வடிவதால் எடை இறங்கவே செய்யும்.

பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகுதான் எஃப்-100 அல்லது அதற்கு நிகரான செறிவான உணவு. ஈடுகட்டும் வளர்ச்சி தொடங்குவது அப்போதுதான்.

அதுக்கப்புறம் எவ்வளவு வேகமா ஏறணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

சரி, ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். 18 மாத ஆண் குழந்தை, நீளம் 75 செ.மீ., எடை 7 கிலோ. அந்த நீளத்துக்கு நடுநிலை எடை ஏறக்குறைய 9.5 கிலோ. அந்த வயதுக்கு நடுநிலை நீளம் 82.3 செ.மீ. ஆக, இவனுக்கு இரண்டு பாக்கிகள்: உயரத்துக்கு ஏற்ற எடையில் ஒன்று, வயதுக்கு ஏற்ற உயரத்தில் 7 செ.மீ.க்கு மேல் இன்னொன்று.

எடைப் பாக்கி முதலில். கிலோவுக்கு நாளுக்கு 10 கிராமுக்கு மேல் ஏறினால் நல்ல தேர்ச்சி, 5 கிராமுக்குக் கீழே போனால் மோசம். 7 கிலோ குழந்தைக்கு 10 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 70 கிராம். ஆரோக்கியமான 18 மாதக் குழந்தை நாளுக்கு 7 கிராம்தான் ஏறும், அதாவது இவன் ஏறுவது அதைப்போலப் பத்து மடங்கு. ஒரு கிராம் புது உடம்புக்குச் சுமார் 5 கலோரி செலவு என்று வைத்தால் 70 கிராமுக்கு 350. உயிரோடிருக்கவும் கைகால் அசைக்கவும் கிலோவுக்கு 100 வீதம் 700. மொத்தம் 1,050, அதாவது கிலோவுக்கு 150 கலோரி. வழிமுறைகளில் 150 முதல் 220 வரை என்று எழுதியிருப்பதன் கீழ்வரம்பு இது. இந்த வேகத்தில் போனால் ஐந்து வாரத்துக்குள் 9.5 கிலோவைத் தொடலாம்.

இனி உயரப் பாக்கி. 3 வயதில் நடுநிலை உயரம் 96 செ.மீ. அதை அவன் அந்த வயதிலேயே தொட வேண்டுமானால் 18 மாதத்தில் 21 செ.மீ. வளர வேண்டும். மற்ற குழந்தைகள் அதே காலத்தில் சுமார் 14 செ.மீ. வளர்வார்கள். ஆக, ஒன்றரை மடங்கு வேகம் வேண்டும், அதுவும் ஒன்றரை வருடம் இடைவிடாமல். எடைக்கு ஐந்து வாரம், உயரத்துக்கு வருடக்கணக்கு. வார்டை விட்டு வீட்டுக்குப் போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

நல்லாத்தான் சாப்பிடறான், ஆனா உடம்பு தொளதொளன்னு கொழுப்பா மட்டும் வருதே?

கலோரி மட்டும் போதாது. சதையும் எலும்பும் கட்டப் புரதம், துத்தநாகம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் உடம்பு வரும் சக்தியைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். துத்தநாகம் இல்லாமல் தேறிய குழந்தைகளுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்ததையும், அதைக் கொடுத்ததும் சதை கூடியதையும் பார்த்திருக்கிறார்கள். இரும்புச்சத்தை மட்டும் முதல் கட்டத்தில் கொடுக்கக் கூடாது, தொற்று அடங்கி எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

ரெண்டு வயசு தாண்டிட்டா அவ்வளவுதான்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. கருத்தரித்ததிலிருந்து இரண்டு வயதுவரையான காலத்தை முதல் ஆயிரம் நாள் என்று தனித்துச் சொல்வதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. குவாதமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதமும் கலோரியும் நிறைந்த கூழ், மற்ற இரண்டில் புரதமே இல்லாத, கலோரி குறைந்த பானம். கூழ் குடித்த குழந்தைகள் உயரத்தில் முந்தினார்கள், ஆனால் அந்தப் பலன் 3 வயதுக்குள் குடித்தவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு கொடுத்ததால் உயரம் கூடவில்லை. குழந்தை முதல் வருடத்தில் சுமார் 25 செ.மீ., இரண்டாம் வருடத்தில் 12 செ.மீ. வளர்கிறது; மூன்றாம் வருடத்தில் 8, 9 செ.மீ., பிறகு வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ.தான். வேகமாக ஓடும் வண்டியை நிறுத்தினால்தான் அதிக தூரம் இழப்போம் அல்லவா?

ஆனால் இதிலிருந்து “இரண்டு வயதில் கதவு மூடிவிடுகிறது” என்ற முடிவுக்கு வருவது தவறு. அந்தக் கிராமங்களில் கூழ் வந்ததே தவிர வாழ்க்கை மாறவில்லை. அதே தண்ணீர், அதே வயிற்றுப்போக்கு, அதே வீடு. தடை முழுதாக நீங்காத இடத்தில் ஈடுகட்டல் நடக்கவில்லை என்பதை வைத்து, ஈடுகட்டவே முடியாது என்று சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் அடியோடு மாறிய குழந்தைகளும் வளர்ச்சியைத் தடுத்த நோய் முழுக்க அடங்கிய குழந்தைகளும் 4 வயதிலும் 8 வயதிலும் மேலேறியிருக்கிறார்கள். இரண்டு வயதில் மாறுவது விலைதான். அதுவரை மலிவாகக் கிடைத்த சென்டிமீட்டர் அதன்பின் கிராக்கியாகிவிடுகிறது.

அட்டையில கோடு இறங்கவே இல்ல, அதே இடத்துலதான் போகுது. அப்போ பாக்கி கூடலைதானே?

இங்கேதான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். ஆண் குழந்தை ஒருவன் 2 வயதில் கீழ்க்கோட்டில், அதாவது நடுநிலையிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே இருக்கிறான் என்று வையுங்கள். அவன் உயரம் 81.0 செ.மீ., நடுநிலை 87.1. பாக்கி 6.1 செ.மீ. 5 வயதிலும் அதே கோட்டிலேயே இருக்கிறான். இப்போது உயரம் 100.7, நடுநிலை 110.0. பாக்கி 9.3 செ.மீ. கோடு மாறவில்லை, ஆனால் 3 செ.மீ. கூடுதலாக இழந்துவிட்டான்.

வயது கூடக் கூடக் கோடுகளுக்கு இடையிலான அகலமும் கூடுவதால் வரும் மாயை இது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: கோடு லேசாக மேலேறியிருக்கும், சென்டிமீட்டர் பாக்கி கூடியே இருக்கும். அதைப் பார்த்து “குழந்தை தேறிவிட்டது” என்று அறிக்கை எழுதுவார்கள். நான் அட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் சென்டிமீட்டர் பாக்கியையும் பென்சிலால் எழுதிவிடுவேன். நிஜமான ஈடுகட்டல் என்றால் அந்த எண் குறைய வேண்டும்.

அப்போ கதவு நிஜமா எப்பத்தான் மூடுது?

வளர்தட்டு எலும்பாகி ஒட்டிக்கொள்ளும்போது. அது பிறந்தநாளைப் பார்த்து நடப்பதில்லை. பருவமடையும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் தட்டின் முதுமையை விரட்டி மூடவைக்கிறது, ஆண்களுக்கும் அதுவேதான். இதை உறுதிப்படுத்தியது 1994-ல் வெளியான ஒரு மனிதரின் கதை. 28 வயது, உயரம் 204 செ.மீ., இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்பு வயது 15. ஆண் ஹார்மோன் போதுமான அளவு இருந்தது. ஈஸ்ட்ரோஜனின் செய்தியை ஏற்கும் வாங்கிதான் அவர் உடம்பில் வேலைசெய்யவில்லை.

எலும்பு வயதைக் கண்டுபிடிக்க இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் படத்தொகுப்போடு ஒப்பிடுவார்கள். பெண்களுக்கு எலும்பு வயது 14, 15-ஐ ஒட்டியும் ஆண்களுக்கு 16, 17-ஐ ஒட்டியும் வந்துவிட்டால் மிச்சம் அதிகமில்லை. நோயில் கிடந்த 13 வயதுப் பையனின் எலும்பு வயது 10 என்று வந்தால் பெற்றோர் முகம் வாடுகிறது. எனக்கோ அது நல்ல செய்தி. இரண்டாம் பதிலில் சொன்ன இளந்தட்டு இன்னும் உள்ளே இருக்கிறது, மூன்று வருடம் கையிருப்பு.

பஞ்ச காலத்துல வளர்ந்த எங்க தாத்தா நல்ல உயரம்தானே, அது எப்படி?

உங்கள் தாத்தா நிதானமாக வளர்ந்திருக்கலாம். ஈடுகட்டலுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன பாய்ச்சல். மற்றொன்று, வேகம் கூடாமலே காலம் நீளுவது: பருவமடைதல் தள்ளிப்போய், மற்றவர்கள் நின்ற பிறகும் இவர்கள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள். பலருக்கு இரண்டும் கலந்தே வரும். காம்பியாவின் கிராமப்புறங்களில் நீண்டகாலம் பின்தொடர்ந்து அளந்ததில், பையன்கள் மற்ற நாடுகளில் வளர்ச்சி நின்றுபோகும் வயதைத் தாண்டியும் வளர்ந்து, குழந்தைப் பருவப் பாக்கியில் ஒரு பகுதியை மீட்டது தெரிந்தது.

வரலாற்றில் இதைவிடத் திகைக்கவைக்கும் சான்று அமெரிக்க அடிமைகளுடையது. 1807-ல் வந்த சட்டத்தால், கடலோரமாகக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட ஒவ்வொரு அடிமையின் உயரத்தையும் பட்டியலில் எழுதவேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்களைப் பொருளாதார வரலாற்றாளர் ரிச்சர்ட் ஸ்டெக்கல் எடுத்து ஆராய்ந்தார். சின்னக் குழந்தைகள் இன்றைய அளவில் நூற்றில் கடைசி ஆளைவிடக் குட்டையாக இருந்தார்கள். அதே மக்களில் வளர்ந்த ஆண்களின் சராசரியோ 170 செ.மீ.யை ஒட்டி இருந்தது. பத்து வயதையொட்டி வயல் வேலைக்கு அனுப்பப்பட்டபோதுதான் அவர்களுக்கு இறைச்சியோடு கூடிய பங்கு கிடைக்கத் தொடங்கியது என்பது ஸ்டெக்கலின் விளக்கம். உழைப்பதற்காகத்தான் ஊட்டினார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

வசதியான வீட்டுக்குத் தத்துப் போன பொண்ணு சட்டுனு வளர்ந்தா, 11 வயசுலயே பெரியவளாயிட்டா. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்துப்போன பெண்களைப் பற்றி 1991-ல் லெம் ப்ரூஸும் அவருடைய சகாக்களும் எழுதியது இதைத்தான். போன புதிதில் உயரம் விறுவிறுவென ஏறியது. பிறகு பூப்பு சராசரியாக 11.6 வயதில் வந்துவிட்டது. சுவீடன் பெண்களுக்கு அது 13-ஐ ஒட்டி. இறுதி உயரம் சராசரி 154 செ.மீ.யில் நின்றது. சீக்கிரம் வந்த பூப்பு, பாய்ந்து பெற்ற லாபத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது.

முந்தைய கேள்வியின் தாத்தாவுக்கு நேர் எதிர் இது. அவர் மெதுவாகப் போய் அதிக நேரம் நடந்தார், இவள் ஓடிப்போய்ச் சீக்கிரம் நின்றாள். கடுமையாகக் குன்றிப்போய், கொஞ்சம் பெரிய வயதில் இடம் மாறிய பெண்குழந்தைகளிடம் இந்த ஆபத்து கூடுதல். அதனால் இப்படிப்பட்ட பெண்ணுக்கு 7, 8 வயதிலிருந்தே மார்பு வளர்ச்சி தொடங்குகிறதா என்று கவனியுங்கள். தொடங்கினால் காத்திருக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் பருவமடைதலைத் தள்ளிவைக்க மருந்து இருக்கிறது. வேண்டுமா என்பதை எலும்பு வயதைப் பார்த்துத்தான் அவர் முடிவுசெய்வார்.

பட்டினி இல்ல, நோய்தான். எல்லா நோய்க்கும் இதே கணக்கா?

இல்லை. காரணத்தை முழுக்க நீக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் கண்டுபிடித்து அந்த உணவை அறவே நிறுத்திவிட்டால் எடை சில மாதங்களிலும் உயரம் சில வருடங்களிலும் பெரும்பாலும் முழுதாகத் திரும்பும். குடல் அழற்சி நோயான க்ரோனில் அப்படியில்லை. அது அடங்கும், எழும்பும், ஸ்டீராய்டு வேறு சேரும். ஒவ்வொரு எழுச்சியும் தட்டை மறுபடி நிறுத்திவைக்கும்.

தைராய்டு குறைபாடு ஒரு பொறி. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட குழந்தைக்கு மாத்திரை தொடங்கியதும் வளர்ச்சி அபாரமாக இருக்கும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் எலும்பு வயது உயரத்தைவிட வேகமாக ஓடும். சிகிச்சை பெரிய வயதில், பருவமடைதலை ஒட்டித் தொடங்கியிருந்தால் இறுதியில் சில சென்டிமீட்டர் திரும்பி வராமலே போகும். பாய்ச்சலைப் பார்த்து மயங்காமல் வருடம் ஒருமுறையாவது எலும்பு வயதைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வயித்துல இருக்கும்போதே தாய் பட்டினி கிடந்தா?

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் தவித்தது. அப்போது கடைசி மாதங்களைக் கருவில் கழித்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள். 19 வயதில் ராணுவத்துக்காக அளந்தபோது அவர்கள் உயரத்தில் குறை தெரியவில்லை. பஞ்சம் சில மாதங்களில் முடிந்தது, அதற்கு முன்னும் பின்னும் நல்ல சாப்பாடு இருந்தது, பிறந்த பிறகு முழு இரண்டு வருட வேகமும் கையில் இருந்தது. உயரத்தைப் பொறுத்தவரை கதை சுபம். ஆனால் கருவில் பட்ட பட்டினி, நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறனில் தெரியவந்தது. உயரம் மீண்டுவிட்டது என்பதால் எல்லாமே மீண்டுவிட்டது என்று ஆகாது.

பொதுவாகவும், கருவில் சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் 2 வயதுக்குள் உயரத்தை எட்டிப்பிடிப்பார்கள். 2 வயதிலும் எட்டாதவர்களை விட்டுவிடாமல் மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும்.

உயரம் வந்துட்டா மூளையும் தேறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம். மூளைக்குத் தனிக் கால அட்டவணை. தலையின் சுற்றளவு பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் வளர்ந்து முடிகிறது. நீளும் காலம் என்ற சலுகை, தாத்தாவுக்குக் கிடைத்தது போல, அதற்குக் கிடையாது. மறுபுறம், பேச்சு, விளையாட்டு, பள்ளி இவற்றால் மூளை மீளும் அளவு உயரத்தைச் சார்ந்ததல்ல. குட்டையாகவே நின்றுவிட்ட குழந்தை படிப்பில் நன்றாக எழும்பியதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கான சிகிச்சையில் விளையாடவைப்பதும் எழுதப்பட்ட ஒரு படியாகவே இருக்கிறது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டா பாக்கியை அடைச்சிடலாமே?

பட்டினிக் குழந்தையின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் அதன் உத்தரவுக்குச் செவிசாய்ப்பதில்லை. தட்டை வளரச் சொல்லும் அடுத்த தூதரான ஐ.ஜி.எஃப்-1 சுரப்பதில்லை. சாப்பாடு வந்தால் அது தானாக ஏறும். கேட்காத காதில் இன்னும் சத்தமாகக் கத்துவதற்கு ஊசி எதற்கு? ஹார்மோன் நிஜமாகவே குறைந்தவர்களுக்கும், சிறுத்துப் பிறந்து எட்டிப்பிடிக்காத சிலருக்கும், இன்னும் சில குறிப்பிட்ட நோய்களுக்கும் ஊசி உண்டு. தட்டு மூடிய பிறகு யாருக்கும் பலனில்லை. உயரம் கூட்டும் பொடி விற்பவர்கள் எலும்பு வயது கேட்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

போன மாசத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. பிள்ளை சுருங்குமா?

சுருங்காது, அளவுதான் தப்பு. 2 வயதுவரை படுக்கவைத்து அளப்போம், பிறகு நிற்கவைத்து. நின்றால் 0.7 செ.மீ. குறையும். மாலையில் அளந்தால் காலையைவிட ஒரு சென்டிமீட்டர்வரை குறையலாம். முழங்கால் மடங்கினாலும், பின்னல் தூக்கிக்கொண்டு நின்றாலும் இன்னும் மாறும். மாதாமாதம் உயரம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான் அளக்கும்.

எடையை முதலில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை பாருங்கள். உயரத்துக்கு மூன்று மாதம் ஒருமுறை போதும்: ஒரே கருவி, முடிந்தால் ஒரே ஆள், ஒரே நேரம், செருப்பும் தலைமுடி அலங்காரமும் இல்லாமல், இரண்டு முறை. எடை சரியாகி ஆறு மாதமாகியும் சென்டிமீட்டர் பாக்கி குறையவில்லை என்றால் தடை இன்னும் எங்கோ இருக்கிறது. குடல், தைராய்டு, சிறுநீரகம், தொற்று என்று தேடச் சொல்லுங்கள். போகும்போது பழைய அளவுகள் எழுதிய அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள். இரண்டு வருட அட்டையிலிருந்து கிடைக்கும் தகவலை ஒரு நாள் ரத்தப் பரிசோதனை தராது.